தாமதமாக வந்த வருமானச் சான்றிதழ்: கட்டணச் சலுகையைக் காப்பாற்றும் வழி

கல்லூரி அலுவலகம் குறித்த நாளுக்குள் வருமானச் சான்றிதழோ சாதிச் சான்றிதழோ வந்து சேராவிட்டால், கட்டணச் சலுகைக்குரியவர்கள் பட்டியலில் அந்த மாணவரின் பெயர் ஏறுவதில்லை. சில வாரங்களில் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். கையில் சான்றிதழோடு அதன் பிறகு ஓடும் பெற்றோரிடம், “தேதி முடிஞ்சு போச்சு” என்று பதில் சொல்லப்படும். பெரும்பாலானோர் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். முடிந்து போனது எந்தத் தேதி என்று கேட்பதில்லை. சலுகை கிடைப்பதும் போவதும் பெரும்பாலும் அந்தக் கேள்வியைப் பொறுத்தே இருக்கிறது.

ஏனென்றால் இங்கே இரண்டு கெடுக்கள் உண்டு. ஒன்று, கல்லூரி தன் வேலை வசதிக்காகத் தானே வைத்துக்கொள்ளும் கெடு. மற்றொன்று, உதவித்தொகை வழங்கும் அரசுத் துறை தன் இணையதளத்தில் விண்ணப்பங்களை ஏற்பதற்கு வைத்திருக்கும் கெடு. விண்ணப்பங்களைச் சரிபார்க்கவும் விடுபட்டவற்றைக் கேட்டு வாங்கவும் கல்லூரிக்கு அவகாசம் தேவை. ஆகவே தன் கெடுவைத் துறையின் கெடுவுக்குச் சில வாரம் முன்பாகவே வைப்பது வழக்கம். முதல் கெடுவைத் தளர்த்த முதல்வருக்கு அதிகாரம் இருக்கிறது. இரண்டாவது கெடுவை அவரால் தளர்த்த முடியாது. தளம் மூடிய பின் கல்லூரியின் இரக்கத்தால் பயனில்லை. எனவே கோரிக்கை எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவிலோ அங்குள்ள நோடல் அலுவலரிடமோ, அரசுத் தளம் எந்த நாள் வரை திறந்திருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழகக் கல்லூரி மாணவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் இப்போது `umis.tn.gov.in` என்ற தளத்தின் வழியே செல்கின்றன. அந்தத் தளத்தில் மாணவரின் சான்றிதழ் எண்ணைப் பதிய வேண்டியிருக்கிறது. விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டு அந்த எண்ணுக்கு ஈடாகாது.

இந்தச் சான்றிதழ்கள் ஏன் தாமதமாகின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோரிக்கையில் எழுதப்படும் காரணம் அங்கிருந்துதான் வர வேண்டும். தமிழ்நாட்டில் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய சான்றுகள் வருவாய்த் துறையிடமிருந்து இ-சேவை வழியாகக் கிடைக்கின்றன. சாதிச் சான்றிதழின் சேவைக் குறியீடு REV-101. வருமானச் சான்றிதழுக்கு REV-103. குடிமக்கள் கணக்கு எண் என்ற ஒன்றைப் பதிவு செய்து, அதன் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் முதலில் கிராம நிர்வாக அலுவலருக்குப் போகும். அவர் விசாரித்து அறிக்கை தருவார். அதன் மேல் வருவாய் ஆய்வாளர் பரிந்துரை செய்வார். கடைசியில் தாசில்தார் மின்னணுக் கையொப்பம் இடுவார். சாதிச் சான்றிதழில் கையொப்பமிடுபவர் பிரிவுக்குப் பிரிவு மாறுவார். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்குத் துணைத் தாசில்தார் நிலையிலும், ஆதிதிராவிடர்களுக்குத் தாசில்தார் நிலையிலும், பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் நிலையிலும் வழங்கப்படுகிறது. பழங்குடியினர் சான்றுக்கு நேரடி விசாரணையும் குடும்பத்தினரின் பழைய சான்றுகளும் தேவைப்படுவதால் மாதக்கணக்கில் இழுப்பது உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் எல்லாப் பள்ளி, கல்லூரி விண்ணப்பங்களும் ஒரே நேரத்தில் வந்து குவிவதால், வேறு மாதத்தில் எளிதாகக் கிடைக்கும் சான்றுகூட அப்போது தங்கிவிடும்.

நெரிசலைவிட அதிகமாக நாளைத் தின்பது, கவனிக்கப்படாமல் கிடக்கும் ‘திருப்பி அனுப்பப்பட்ட’ விண்ணப்பம். ஓர் அலுவலர் கூடுதல் ஆவணம் கேட்டு விண்ணப்பத்தைத் திருப்பினால், குறுஞ்செய்தி பதிவு செய்த கைபேசி எண்ணுக்குத்தான் போகும். அந்த எண் சில வருடங்களுக்கு முன் அப்பா வைத்திருந்த பழைய எண்ணாக இருக்கலாம். இ-சேவை மையக்காரருடைய எண்ணாகவும் இருக்கலாம். வீட்டில் அது ‘நிலுவையில்’ இருப்பதாக நினைத்துக் காத்திருப்பார்கள். உண்மையில் அது ஆவணத்துக்காகக் காத்திருக்கும். வாரம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைத் தளத்தில் இட்டு நிலையைப் பார்ப்பதொன்றே இதற்கு மருந்து.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்ளலாம். விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஆதிதிராவிட மாணவி. கலந்தாய்வின் மூலம் கோயம்புத்தூரில் ஒரு தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்திருக்கிறது. தந்தை ஒரு அரிசி ஆலையில் மாதம் 14,000 ரூபாய் சம்பளத்துக்கு வேலை செய்கிறார். தாய்க்கு வருமானம் இல்லை. ஆண்டு வருமானம் 1,68,000 ரூபாய். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை 2012 செப்டம்பர் 11 அன்று வெளியிட்ட 92ஆம் எண் அரசாணையின் பயனைப் பெற வேண்டிய நிலையில் இந்த மாணவி இருக்கிறார். ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் ஆகிய மாணவர்களுக்குத் தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் ஏற்பாடு அது. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அரசு ஏற்பது கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த கட்டணத்தைத்தான். விடுதி, பேருந்து போன்றவை தனிக் கணக்கு. சான்றிதழ் நேரத்தில் வந்தாலும் அவற்றை வீட்டார்தான் கட்ட வேண்டும். இதைக் கோரிக்கையில் கலந்துவிட்டால் அலுவலகம் முழுக் கோரிக்கையையும் ஒதுக்கிவிட வாய்ப்புண்டு.

மாணவியிடம் சாதிச் சான்றிதழ் பள்ளிக் காலத்திலிருந்தே இருக்கிறது. வருமானச் சான்றிதழுக்கு ஜூலை 22 அன்று விண்ணப்பித்தார்கள். ஆலையின் சம்பளச் சான்று இணைக்கப்படவில்லை என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் விண்ணப்பம் திரும்பியது. குறுஞ்செய்தி செயலிழந்த பழைய எண்ணுக்குப் போய்விட்டது. கல்லூரியின் கெடு ஆகஸ்ட் 30. அன்றுதான் தந்தை மையத்துக்குப் போய் விசாரித்து விஷயத்தை அறிகிறார். செப்டம்பர் 2 அன்று சம்பளச் சான்றுடன் மறுபடி பதிவேற்றுகிறார். சான்றிதழ் வர இன்னும் பத்துப் பதினைந்து நாளாகலாம். துறைத் தளம் அக்டோபர் மாத இறுதி வரை திறந்திருக்கும் என்று உதவித்தொகைப் பிரிவில் சொல்கிறார்கள். அப்படியானால் கல்லூரிக் கெடு தாண்டியிருந்தாலும் துறைக் கெடுவுக்கு முன் ஒன்றரை மாதம் இருக்கிறது. கோரிக்கை நிற்கப்போவது இந்த இடைவெளியின் மேல்தான்.

இந்த நேரத்தில் முதல்வருக்குக் கடிதம் போக வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருப்பது பெரிய தவறு. வராத நாளில் எழுதிய கடிதம், மாணவர் கெடு நாளிலேயே அக்கறையோடு இருந்தார் என்பதற்குச் சாட்சி. வந்த பின் எழுதியது வெறும் மன்னிப்புக் கடிதமாகத்தான் படிக்கப்படும். கடிதம் மூன்றே மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். பெயரைச் சலுகைப் பட்டியலில் தற்காலிகமாக வைத்திருப்பது முதலாவது. ஒரு குறிப்பிட்ட நாள் வரை கட்டண வசூலை நிறுத்தி வைப்பது இரண்டாவது. சான்றிதழ் வந்ததும் தளத்தில் பதிந்து கல்லூரி அளவில் ஒப்புதல் அளிப்பது மூன்றாவது. ‘தயவு கூர்ந்து உதவி செய்யுங்கள்’ என்று மட்டும் கேட்டால், என்ன செய்வதென்று தெரியாமல் அலுவலர் காகிதத்தைக் கோப்பில் போட்டுவிடுவார். என்ன செய்ய வேண்டும், எந்த நாள் வரை என்று எழுதினால் முதல்வர் ஓரத்திலேயே ‘அனுமதிக்கலாம்’ என்று எழுதிக் கையொப்பமிட முடியும்.

மேலே சொன்ன மாணவியின் கடிதம் இப்படி இருக்கலாம்:

அனுப்புநர்: (மாணவியின் பெயர், பதிவு எண், முதலாம் ஆண்டு பி.இ., துறை)

பெறுநர்: முதல்வர் அவர்கள், (கல்லூரியின் பெயர்)

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: வருமானச் சான்றிதழைச் செப்டம்பர் 25 வரை சமர்ப்பிக்க அவகாசமும், அதுவரை கட்டண வசூலை நிறுத்தி வைக்க அனுமதியும் கோருதல்.

அரசு ஒதுக்கீட்டில், ஆதிதிராவிடர் பிரிவில் சேர்ந்துள்ளேன். 92ஆம் எண் அரசாணையின்படி கட்டணச் சலுகைக்கு விண்ணப்பித்துள்ளேன். சாதிச் சான்றிதழை ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்டேன். வருமானச் சான்றிதழுக்கு 22.07 அன்று விண்ணப்பித்தோம். விண்ணப்ப எண் …. தந்தையின் சம்பளச் சான்று வேண்டும் என்று விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட செய்தி பழைய கைபேசி எண்ணுக்குச் சென்றதால், எங்களுக்கு 30.08 அன்றுதான் தெரிந்தது. 02.09 அன்று சம்பளச் சான்றை இணைத்துவிட்டோம். விண்ணப்பம் இப்போது கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறது. என் தந்தையின் ஆண்டு வருமானம் 1,68,000 ரூபாய். தாய்க்கு வருமானம் இல்லை.

ஆகவே என் பெயரைச் சலுகைப் பட்டியலில் தற்காலிகமாக வைத்திருக்கவும், 25.09 வரை கல்விக் கட்டணம் கேட்பதை நிறுத்தி வைக்கவும் வேண்டுகிறேன். சான்றிதழ் கிடைத்த அன்றே அதன் எண்ணைத் தந்து தளத்தில் பதிந்துகொள்கிறேன். வருமானம் வரம்புக்கு மேல் எனத் தெரியவந்தால் கட்டணத்தைக் கட்டுவதாக நானும் என் தந்தையும் இதனுடன் உறுதிமொழி தருகிறோம்.

இணைப்பு: ஒப்புகைச் சீட்டு, விண்ணப்ப நிலையின் அச்சுப் பிரதி, சம்பளச் சான்றின் நகல், தந்தையின் உறுதிமொழி.

இந்தக் கடிதத்தின் பலம் கெஞ்சலில் இல்லை. விண்ணப்ப எண் இருப்பதால் அலுவலர் தாமே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தாமதத்துக்குக் காரணம் சொல்லும்போது வீட்டாரின் பிசகையும் மறைக்கவில்லை. பழைய எண்ணைக் கொடுத்தது தங்கள் தவறு என்பதை ஒப்புக்கொள்வதால், மற்ற வரிகளும் நம்பப்படும். ‘தாலுகா ஆபீசில் தாமதம்’ என்று மொத்தமாகப் பழி போட்டிருந்தால், அந்தப் பேச்சை அந்த மேசையில் நூறு பேர் சொல்லியிருப்பார்கள். உறுதிமொழியும் முக்கியம். கல்லூரிக்கு உள்ள உண்மையான பயம், நாளை துறை இந்த மாணவரை ஏற்காவிட்டால் கட்டணத்தை யாரிடம் வாங்குவது என்பதே. அந்தப் பயத்துக்கு எழுத்தில் பதில் இருந்தால் அனுமதி எளிதாகும்.

கடிதத்தை நேரில் தந்து, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கையொப்பமும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாக “பார்த்துக்கலாம் போம்மா” என்று உதவித்தொகைப் பிரிவில் சொல்லப்படுவது நல்ல மனத்தோடு இருந்தாலும், அடுத்த மாதம் கட்டணப் பிரிவிலிருந்து வரும் அறிவிப்பை அது தடுக்காது. இரண்டு பிரிவுகளும் பல கல்லூரிகளில் தனித்தனி. முதல்வரின் அனுமதி எழுதிய நகலைக் கட்டணப் பிரிவிலும் கொடுத்தால்தான் தாமதக் கட்டணம் ஏறாது. தேர்வு நுழைவுச் சீட்டு நிறுத்தி வைக்கப்படும் தொல்லையும் அதனால் தவிரும்.

தாமதமாக வந்த சான்றை ஏற்கலாமா என்ற கேள்வியில் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் ஒரே வகை அல்ல. சாதி பிறப்பிலிருந்து இருப்பது. சான்றிதழ் அதை உறுதிசெய்கிறது, உண்டாக்குவதில்லை. கெடுவுக்குப் பிந்திய தேதி அதில் இருந்தாலும், கெடு நாளில் அந்த மாணவர் அந்தச் சாதியைச் சேர்ந்தவராகத்தான் இருந்தார். தில்லியில் செவிலியர் பணிக்கான தேர்வில், இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழைக் கடைசி நாளுக்குப் பின் தந்த ராம்குமார் கிஜ்ரோயா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் இதே நோக்கில்தான் தேர்வருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 1980இல், முதுநிலை மருத்துவச் சேர்க்கை பற்றிய சார்லஸ் ஸ்காரியா வழக்கில், தகுதி கெடுவுக்குள் இருந்தால் போதும், அதற்கான அத்தாட்சி பின்னால் வந்தாலும் ஏற்கலாம் என்ற வேறுபாட்டை நீதிமன்றம் வகுத்துக் காட்டியது.

வருமானம் அப்படியல்ல, அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். எந்த ஆண்டின் வருமானம் என்பது சான்றிதழின் உயிர்நாடி. 2023இல் திவ்யா என்பவரின் வழக்கில், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கான சான்றிதழை உரிய ஆண்டுக்குக் கெடு நாளுக்குள் பெற்றிருக்க வேண்டும் என்ற குடிமைப் பணித் தேர்வு விதியை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. ஆகவே வருமானச் சான்றிதழுக்காக அவகாசம் கேட்பவர், சாதிச் சான்று பற்றிய தீர்ப்பை நம்பி இருந்துவிடக் கூடாது. இவை எல்லாமே வேலையும் சேர்க்கையும் பற்றிய வழக்குகள், கட்டணச் சலுகை பற்றியவை அல்ல என்பதும் நினைவிருக்க வேண்டும். முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் தீர்ப்புகளை எழுதாமல் இருப்பதே நல்லது. அலுவலகம் அதை வழக்கு மிரட்டலாக எண்ணித் தற்காப்புக்குப் போய்விடும். பேச்சு மேல்முறையீடு வரை போனால் அங்கே சொல்லிக்கொள்ளலாம்.

சாதிச் சான்றிதழ் தாமதமாகும்போது ஒரு தனிப் பிரச்சினை வரும். பழைய அட்டைச் சான்று கையில் இருக்கும். ஆனால் தளத்துக்கு மின்னணுச் சான்றின் எண் வேண்டும். அப்போது பழைய சான்றின் நகலையும், தந்தை அல்லது உடன்பிறந்தாரின் சான்றையும் கடிதத்தோடு இணைத்தால், சாதியில் ஐயமில்லை, எண் மட்டுமே வர வேண்டும் என்பது தெளிவாகும். பெயரின் முதலெழுத்து மாறியிருப்பது இன்னொரு தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு தலைப்பெழுத்தும், சாதிச் சான்றில் இரண்டும் இருந்தால், தளத்தில் விவரங்கள் பொருந்தாமல் விண்ணப்பம் நிற்கும். அவகாசம் கேட்பதோடு, வட்ட அலுவலகத்தில் திருத்தம் கேட்டு விண்ணப்பித்ததற்கான சீட்டையும் சேர்த்துத் தர வேண்டும்.

முதல் பட்டதாரிச் சலுகையின் நிலை வேறு. 2010-11 கல்வியாண்டு முதல் உள்ள இந்தச் சலுகையில் சாதியோ வருமானமோ பார்க்கப்படுவதில்லை. குடும்பத்தில் அதுவரை பட்டதாரி இல்லை என்ற சான்றும் கூட்டு உறுதிமொழியும் வேண்டும். கலந்தாய்விலேயே அதைக் கோரியிருக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையில் குறிப்பு இல்லாவிட்டால், கல்லூரி முதல்வர் தாமாக அதைச் சேர்க்க இயலாது. அவரிடம் அவகாசக் கடிதம் தருவதால் நாள்தான் வீணாகும்.

முதல்வர் மறுத்தாலோ, பதில் வராமல் ஒரு வாரம் போனாலோ, அடுத்த கதவு மாவட்டத் துறை அலுவலர். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர்; பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலர். கல்லூரி இருக்கும் மாவட்டத்து அலுவலரிடம்தான் போக வேண்டும். மேலே சொன்ன மாணவி விழுப்புரத்தில் அல்ல, கோயம்புத்தூரில் மனு தர வேண்டும். சான்றிதழ் தாமதத்துக்கு மட்டும் விழுப்புரம் மாவட்டத்தில், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100இலும் பதியலாம். கல்லூரிக்குத் தந்த கடிதத்தின் நகலும் அதன் மேல் வாங்கிய தேதி முத்திரையும் இந்த இடங்களில்தான் பயன்படுகின்றன.

சான்றிதழ் வந்ததும் கவனம் தளர்ந்துவிடக் கூடாது. செப்டம்பர் 16 அன்று சான்று கைக்கு வந்தால், மாணவி அதில் தன் பெயர், தந்தை பெயர், வருமானத் தொகை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, அன்றே எண்ணைத் தளத்தில் பதிந்து, அச்சுப் பிரதியோடு உதவித்தொகைப் பிரிவுக்குப் போக வேண்டும். தளத்தில் மாணவர் சமர்ப்பித்தது வேறு, கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பியது வேறு. இரண்டாவது நடக்காமல் விண்ணப்பம் கல்லூரிக் கணக்கிலேயே தூங்கிய கதைகள் பல. நிலை ‘கல்லூரியால் அனுப்பப்பட்டது’ என்று மாறும் வரை நாலு நாளைக்கு ஒருமுறை பார்த்துவர வேண்டும். ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு செயல்பாட்டில் இருக்கிறதா என்பதையும் வங்கியில் கேட்டு வைப்பது நல்லது. உதவித்தொகை நேராக மாணவரின் கணக்குக்கு வருவதால், இணைப்பு விடுபட்டிருந்தால் அனுமதியான தொகையும் திரும்பிப் போகும்.

அவகாசம் கிடைக்கும் முன்பே பயந்து முழுக் கட்டணத்தையும் கட்டிவிட்ட குடும்பங்களும் உண்டு. அவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்தி, சலுகை அனுமதியானால் கட்டிய தொகையைத் திருப்பித் தரவோ அடுத்த பருவத்தில் ஈடுகட்டவோ வேண்டும் என்று தனியாக ஒரு மனு தர வேண்டும். அந்த மனுவில் ரசீது எண், தொகை, நாள் மூன்றும் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், இரண்டாம் ஆண்டுப் புதுப்பித்தலுக்குப் புதிய சான்று கேட்கப்பட்டால், மே மாதத்திலேயே, இப்போது பயன்பாட்டில் உள்ள கைபேசி எண்ணோடும் சம்பளச் சான்றோடும் விண்ணப்பித்துவிடலாம். வட்ட அலுவலகங்களில் கூட்டம் சேர்வது அதற்கு அடுத்த மாதத்திலிருந்துதான்.